கேன் என்றால் ஆமாவா?

ஈப்போவில் "கேன்" என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு நாளை ஓட்டிவிடலாம். நாளைக்கு வந்து எடுத்துக்கலாமா? கேன். கொஞ்சம் குறைச்சுக் குடுப்பீங்களா? கேன் லா. தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே மாதிரி வாய் நிறைய அழுத்திச் சொல்வோம். அழுத்தினால் ஆமாம். அமெரிக்கர்களின் பேச்சில் இது ஏறக்குறையத் தலைகீழ்.

நான் ஒரு கால் சென்டரில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பி வந்து சேர்ந்தான். சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்துப் பையன். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகும் அவன் குடும்பம் சில காலம் லயத்து வீட்டிலேயே இருந்தது. தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி. ஆங்கிலத்தைத் தடுமாறாமல் வாசிப்பான். ஆனால் மூன்றாம் வார முடிவில் ஒரு கேட்டல் சோதனை உண்டு. அதில் தேறாவிட்டால் வேலை இல்லை, வீட்டில் அவன் சம்பளத்தை நம்பித்தான் எல்லாம்.

முதல் வாரத்துப் பதிவு ஒன்றில் ஓர் அமெரிக்கப் பெண் கட்டணம் பற்றிப் பேசுகிறார். "ஐ கேன்ட் பே ஆன் ஃப்ரைடே." தம்பி தாளில் எழுதியது: வெள்ளிக்கிழமை கட்டுவார். வகுப்பில் பாதிப் பேர் அதையேதான் எழுதியிருந்தார்கள்.

"அந்த 'ட்' எனக்குக் கேக்கவே இல்லக்கா," என்றான். "கேன்னுதான் சொல்றாங்க. இன்னொருவாட்டி போடுங்க."

அவன் சொன்னது சரி. அடுத்து "பே" வருவதால் அந்த "ட்" நாக்கோடு நின்றுவிடுகிறது, வெளியே வெடிப்பதில்லை. இன்னும் பத்து முறை போட்டாலும் கேட்காது. அந்த ஊர்க்காரர்களும் அதை மட்டும் நம்பிக் கேட்பதில்லை. ஆமாம் சொல்லும் வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்துப் போட்டேன். அதில் "கேன்" என்ற சொல்லே காணோம். "ஐ-க்ன்-பே" என்று உயிரெழுத்து நசுங்கி, கனம் முழுக்க "பே" மீது விழுகிறது. "கேன்" முழுதாகக் கேட்டு, பின்னால் வினைச்சொல் வந்தால் அது பெரும்பாலும் மறுப்பு.

சொன்னால் புரியும். காது சும்மா ஒத்துக்கொள்ளுமா? மேசையைத் தட்டச் சொன்னேன். "டாக்ஸ் ஈட் போன்ஸ்": மூன்று தட்டு. "த டாக்ஸ் வில் அவ் ஈட்டன் த போன்ஸ்": இதற்கும் மூன்றே தட்டுதான். அவனோ எட்டு அசைக்கு எட்டு தட்டினான். தமிழும் மலாயும் ஒவ்வோர் அசைக்கும் அதனதன் பங்கைக் கொடுத்துவிடும். நம்மூர் ஆங்கிலமும் அப்படியே. 1945இல் கென்னத் பைக் என்ற மொழியியலாளர், ஆங்கிலம் அழுத்தத்துக்கு அழுத்தம் சம இடைவெளி விட்டு நடக்கிறது என்று எழுதினார். பின்னால் கருவி வைத்து அளந்தவர்களுக்கு அந்தச் சமம் கிடைக்கவில்லை. இடையில் மாட்டிய அசைகள் நசுங்குவது மட்டும் உண்மை.

அந்த நசுங்கலை அவன் காதுக்கு எப்படிக் காட்டுவது? இரண்டு நாள் யோசித்துவிட்டு, "காசு, பசு, ரெண்டையும் உதட்டுல விரலை வச்சுக்கிட்டுச் சொல்லு தம்பி," என்றேன்.

சொன்னான். "பசு"வில் உதடு குவிகிறது. "காசு"வில் குவியவே இல்லை. மறுபடி சொல்லிப் பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"குற்றியலுகரம் லா அக்கா! அரை மாத்திரை. பள்ளியில சொடக்குப் போட்டுச் சொல்லிக் குடுத்தாங்க."

தொல்காப்பியம் தனியாகப் பெயர் கொடுத்து வைத்த ஒலி அது. எழுத்தில் இரண்டும் ஒரே "சு", ஒலியில் ஒன்று குறைந்தது. ஆங்கிலத்திலும் எழுத்து மாறாது, ஒலி குறையும். வேறுபாடு, நமக்கு எங்கே குறையும் என்பதைச் சொல்லின் அமைப்பே தீர்மானித்துவிடுகிறது. அவர்களுக்கு அந்த வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்குக் கனம் என்பது தீர்மானிக்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறக்கிற இலக்கணம் ஈப்போவில் ஒருவனுக்கு வேலைக்கு உதவும் என்று நான் நினைத்ததில்லை.

அதன்பின் அவன் எழுத்தைத் தேடுவதை விட்டான். கண்ணை மூடி, கனம் விழும் இடத்தில் மட்டும் விரலால் தட்டுவான். இரண்டாம் வாரக் கடைசியில் பத்துக்கு எட்டு சரி. தவறிய இரண்டும் "யெஸ், ஐ கேன்" வகை. வாக்கியம் அங்கேயே முடிந்தால் "கேன்" நசுங்காது, அப்போது அது ஆமாம்தான். பின்னால் வினை வருகிறதா என்று காத்திருந்து கேட்கப் பழக இன்னும் சில நாள் பிடித்தது.

சோதனையில் தேறினான். எண்களில் இன்றும் அவனுக்குச் சந்தேகம். "தர்ட்டீன்" தனியாக நின்றால் கனம் பின்னால், "தர்ட்டி"யில் முன்னால். ஆனால் "தர்ட்டீன் டாலர்ஸ்" என்று சேர்த்தால் அங்கேயும் கனம் முன்னால் நகர்ந்துவிடுகிறது. அதனால் அவன் காதை நம்பாமல் திருப்பிக் கேட்கிறான்: "ஒன் த்ரீயா, த்ரீ ஸீரோவா?" கட்டணத் தேதி என்றால், "அப்படியானால் வெள்ளிக்கிழமை முடியாது, சரிதானே?"

பேச்சை மட்டும் அவன் மாற்றவில்லை. ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டால் இப்போதும் வாய் நிறைய வரும்: "கேன் லாக்கா."