பதினாறாம் தேதி திறந்த கணக்கு

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாயை வீட்டுச் செலவோடு கலக்கவிடக் கூடாது என்று எண்ணி, திருக்கழுக்குன்றம் போஸ்ட் ஆபீஸில் என் பெயருக்கு ஆர்.டி. தொடங்கினேன். அதன் நெளிவு சுளிவு முழுக்கத் தேதியில்தான் இருக்கிறது.

மாதத்தின் முதல் பதினைந்து நாளுக்குள் கணக்குத் திறந்தால், ஒவ்வொரு தவணையையும் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பதினாறிலிருந்து திறந்தால் மாதக் கடைசி வேலைநாள் வரை நேரம் உண்டு. உரிமைத் தொகை வருவதே பதினைந்தை ஒட்டித்தான். அன்று ஏ.டி.எம்.மில் கூட்டம், மறுநாள் ஞாயிறு என்றால் தவணை தப்பிவிடும். அதனால் பதினாறாம் தேதிக்குக் காத்திருந்து கணக்குத் திறந்தேன்.

தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், ஆயிரத்துக்குப் பத்து. பெரிய தொகையில்லை. ஆனால் நான்கு தவணை விட்டுப்போனால் கணக்கு நின்றுவிடும். அதன்பின் இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டினால்தான் மீண்டும் உயிர் வரும். அதனால் மாதாமாதம் பாஸ்புக்கில் பதிவு விழுந்ததா என்று கவுன்ட்டரிலேயே பார்த்துவிடுவேன். முகவரிடம் பணம் கொடுக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடமும், அட்டையில் கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது, பாஸ்புக்கிலும் ஏற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் சேர்ந்தபோது வட்டி 6.7 சதவீதம். திறந்த நாளின் வட்டியே ஐந்து வருடமும் நிற்கும். அறுபது தவணையில் அறுபதாயிரம் கட்டினால், முடிவில் சுமார் எழுபத்தோராயிரத்து முந்நூற்றைம்பது வரும்.

நடுவில் பணம் தேவைப்பட்டால் பலரும் கணக்கை முடித்துவிடப் பார்ப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் முடிக்க முடியாது. அதன்பின் முடித்தாலும் சேமிப்புக் கணக்கின் வட்டிதான். பன்னிரண்டு தவணை கட்டி ஒரு வருடம் ஆனபின் இருப்பில் பாதி வரை கடன் எடுக்கலாம். அதற்கு வட்டி ஆர்.டி. வட்டியைவிட இரண்டு சதவீதம் கூடுதல். பள்ளிக் கட்டணத்துக்கு ஐயாயிரம் எடுத்து ஆறு மாதத்தில் அடைத்தால் வட்டி இருநூற்றுச் சொச்சம். அதே பணத்தைத் தெருவில் மூன்று வட்டிக்கு வாங்கினால் தொள்ளாயிரம் போகும்.

இந்தக் கணக்கு கைக்குப் பழகியபின், யார் எந்தச் சீட்டைக் கொண்டுவந்தாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும்? தவறினால் என்ன? நடுவில் முடித்தால் எவ்வளவு இழப்பு? வீட்டுக்காரர் வண்டிக்குக் கடன் பேசப் போனபோதும் தாளை என்னிடம் கொடுத்து, "நீயே கேட்டுடு" என்றார். கேட்டேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத்தில் வந்தபின்தான் அவர் கையெழுத்துப் போட்டார்.