ஆறாவது நானக்

அரைப்பரீட்சை லீவு விட்டதும் மம்சாபுரத்திலிருந்து மெட்ராஸுக்கு, தி.நகர் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். மாடியில் குடியிருந்த சர்தார் மாமா ஞாயிறு காலையில் தன் மகனோடு என்னையும் ஜி.என்.செட்டி ரோடு குருத்வாராவுக்குக் கூட்டிப்போவார். தலையில் கைக்குட்டையைக் கட்டிவிடுவார். எனக்குக் கண்ணெல்லாம் கடா பிரசாதத்தின் மேல்தான். கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சம அளவு. இரண்டு கையையும் குவித்து வாங்கினால் விரலிடுக்கில் நெய் கசியும்.

அது வரப்போவதற்கு அடையாளம் ஆனந்த் சாகிப். அதுவரை ஒரே வரியைத் திரும்பத் திரும்ப நிதானமாகப் பாடிக்கொண்டிருந்த ராகிகள், ஆர்மோனியத்தில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டுக்கு வருவார்கள். தபலா சுறுசுறுப்பாகும். பல்லவி கிடையாது, ஒரு பவுரி முடிந்தால் உடனே அடுத்தது. சபையே உட்கார்ந்தபடி கூடப் பாடும். ஒவ்வொரு பவுரியின் முடிவிலும் நானக் என்ற பெயர் வரும். நான் விரல்விட்டு எண்ணுவேன். ஆறாவது நானக் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்று அர்தாஸ் சொல்வார்கள்; பிறகு கிரந்தத்தைத் திறந்து ஹுக்கம் வாசிப்பார்கள்; அப்புறம் பிரசாதம்.

பாடியவர் நானக் இல்லை, கோயிந்த்வாலில் இருந்த மூன்றாம் குரு அமர்தாஸ் என்று மாமா சொன்னார். பின்வந்த குருமாரும் நானக் பெயரையே முத்திரையாக வைத்தார்களாம். மொத்தம் 40 பவுரி. முதல் ஐந்தையும் நாற்பதாவதையும் பாடினால் முழுதும் பாடியதாகக் கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பையனுக்கு இதில் ஆச்சரியமில்லை. மார்கழியில் முப்பதையும் சொன்னாலும், சாற்றுமுறைக்குத் திருப்பாவையின் கடைசி இரண்டு பாசுரம்தானே! முடிவில் கோதை தன் பெயரைச் சொல்லிப் பலன் சொல்வதுபோல, நாற்பதாவது பவுரியும் கேட்டவருக்குத் துன்பமும் நோயும் தீரும் என்கிறது.

தொடக்கம் தாயை விளித்து வரும். குருவைக் கண்டேன், ஆனந்தம் வந்தது என்று பிள்ளை அம்மாவிடம் ஓடிவந்து சொல்கிற தொனி. அடுத்து மனதைப் பார்த்து, எப்போதும் ஹரியோடேயே இரு என்கிறார். மூன்றாவதில் இறைவனிடமே பேச்சு: உன் வீட்டில் இல்லாதது என்ன? நான்காவதில் நாமமே ஆதாரம். ஐந்தாவதில் யாரும் மீட்டாத ஒலி உள்ளுக்குள் கேட்கத் தொடங்குகிறது. இடையில் விட்டுப்போகும் பவுரிகளில் கண், காது, நாக்கு, உடம்பு எல்லாவற்றையும் கூப்பிட்டு, எதற்காக வந்தீர்கள் என்று கேட்கும் பகுதி இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். சுருக்கத்தில் அது வராது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மாமாவின் மகள் கல்யாணத்தில் நான்கு லாவான் சுற்றி முடிந்ததும் அந்த ஆறைப் பாடினார்கள். சில வருடம் கழித்து மாமாவின் அம்மாவுக்காக வைத்த போக் அன்றும் அதே ஆறு, அதே மெட்டு. சாவு வீட்டுக்கு ஆனந்தமா என்று கேட்டேன்.

"இது குரு கிடைச்ச சந்தோஷம்டா. கல்யாணத்துல வந்ததும் இல்ல, சாவுல போறதும் இல்ல" என்றார். அன்றைக்கும் பிரசாதத்தில் நெய் குறையவில்லை.