45 நிமிஷப் பாடம், 25 நிமிஷ பீரியட்

என்எஸ்எஸ்-ல சனிக்கிழமை தோறும் பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்குப் போய் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அங்கே பீரியட் சுருங்குவது சாதாரணம். ஆண்டு விழா ஒத்திகை, பிரேயர் நீண்டுபோவது என்று ஏதாவது ஒன்று வரும். வாசலில் நிற்கும்போதே டீச்சர் வந்து, "இன்னைக்கு 25 நிமிஷம்தாம்மா" என்பார்.

முதல் தடவை நான் செய்தது, வேகமாகப் பேசியது. தொடரிணைப்பு பாடம். 45 நிமிஷத்துக்கு எழுதி வைத்திருந்த எல்லாத்தையும் ஓட்டினேன். முன் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அக்கா, எழுதிக்கட்டுமா, இல்ல கேக்கட்டுமா?" என்றான். பதில் சொல்லக்கூட நேரம் இல்லை. கடைசியில் அவர்கள் போட வேண்டிய கணக்கைப் போர்டில் எழுதும்போது மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் அதே கணக்கைக் கொடுத்தால் முக்கால்வாசிப் பேருக்கு வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. நேரம் போதாதபோது நாம் எதையும் தேர்ந்தெடுத்து வெட்டுவதில்லை. கடைசியில் இருப்பது தானாக விழுந்துவிடுகிறது. நம் பாடத்திட்டத்தில் கடைசியில் இருப்பது எப்போதும் பிள்ளைகள் தாங்களே போடும் கணக்கு. நான் பேசுவது முழுசா மிஞ்சும், அவர்கள் செய்வது போய்விடும்.

அதனால் அடுத்த முறை, பக்க இணைப்பு பாடத்தன்று, பின்னாலிருந்து ஆரம்பித்தேன். என் திட்டம் இப்படி இருந்தது: போன பாடம் 5 நிமிஷம், பல்ப் சோதனை 10, சூத்திரம் வருவித்தல் 12, மாதிரிக் கணக்கு 8, அவர்கள் போடும் கணக்கு 7, வீட்டு வயரிங் 3. அன்றைக்கும் 25 நிமிஷம் என்றார்கள். அட்டெண்டன்ஸ் போக கையில் 22. முதலில் அவர்கள் போடும் கணக்குக்கு 8 நிமிஷத்தை ஒதுக்கினேன், திட்டத்தைவிட ஒரு நிமிஷம் கூட. பிறகு, அந்தக் கணக்கைப் போட என்ன தெரிந்தால் போதும் என்று பார்த்தேன். சூத்திரம் வருவித்தல் தேவையில்லை. அதிலுள்ள கருத்து தேவை.

கருத்து இதுதான்: பக்க இணைப்பில் ஒவ்வொரு மின்தடைக்கும் அதே வோல்ட் கிடைக்கிறது, மின்னோட்டங்கள் கூடுகின்றன. இதை எழுத்துகளில் செய்தால் 12 நிமிஷம், எண்களில் செய்தால் 4. 6 வோல்ட் பேட்டரி, 6 ஓம், 3 ஓம். முதலாவதில் 1 ஆம்பியர், இரண்டாவதில் 2. மொத்தம் 3 ஆம்பியர். 6-ஐ 3-ஆல் வகுத்தால் மொத்த மின்தடை 2 ஓம். இருப்பதில் சின்னதான 3-ஐ விடவும் குறைவு! "எப்படிக்கா கொறையுது?" என்று ஒரு சலசலப்பு வந்தது. மின்னோட்டம் போக இன்னொரு வழி கிடைக்கிறது என்று விளக்க இன்னொரு 4 நிமிஷம் போனது. அதற்குக் கொடுக்கலாம்.

பல்ப் சோதனையை விட மனசில்லை. அட்டையில் முன்பே ஒட்டி வைத்திருந்த இரண்டு டார்ச் பல்பு இணைப்பை மட்டும் காட்டினேன். ஒன்றைக் கழற்றினால் மற்றது எரிகிறது. நான்கே நிமிஷம். தொடரிணைப்போடு ஒப்பிடுவதை வெட்டினேன். வீட்டு வயரிங்கையும் வெட்டினேன், ஆனால் அது தானே வந்துவிட்டது: "எங்க வீட்ல ஃபேன ஆஃப் பண்ணாலும் லைட் எரியுதே, அதானாக்கா?"

பிறகு அவர்கள் கணக்கு: 12 வோல்ட், 12 ஓம், 4 ஓம். நான் பெஞ்ச் பெஞ்சாக நடந்தேன். சிலர் 16 என்று எழுதியிருந்தார்கள், பழைய பாடத்தின் பழக்கம். "4-ஐ விடக் குறைவா இருக்கா?" என்று கேட்டால் அவர்களே அடித்துவிட்டார்கள். டியூஷன் போகும் ஒரு பெண் 1/3 என்று எழுதியிருந்தாள். சூத்திரம் தெரியும், தலைகீழாக்க மறந்துவிட்டாள். இதை அந்தக் கேள்வி பிடிக்காது, 1/3-ம் 4-ஐ விடக் குறைவுதானே! "1/3 ஓம்னா 12 வோல்ட்டுக்கு எத்தன ஆம்பியர்?" என்றேன். 36 என்றாள். "நீ கூட்டினது?" ஒன்றும் மூன்றும் 4. சிரித்துக்கொண்டே 3 ஓம் என்று மாற்றினாள். வேகமாக ஓட்டியிருந்தால் இந்த இரண்டு தப்பும் என் கண்ணில் பட்டிருக்காது.

ஒரு சிக்கல் உண்டு. வருவித்தல் பரீட்சையில் கேட்கக்கூடிய கேள்வி, அதை விட்டுவிட முடியாது. அதனால் டீச்சரிடம் சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமையின் முதல் 10 நிமிஷத்துக்கு நகர்த்தினேன். 6, 3 என்ற எண்களுக்குப் பதில் R1, R2 என்று போட்டதும், பாதி வரியை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

மணி அடித்தபோது கடைசி பெஞ்சில் நாலு பேர் இன்னும் முடிக்கவில்லை. நோட்டை மூடாமல் வராண்டாவில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒத்திகைக்கு லேட்டாகிவிட்டது என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது.