வயலை நிரப்பி ஒரு வீடு

வெள்ளவத்தையில் பிளாட் வாங்க எங்களுக்குக் கட்டுபடியாகாது. கொட்டாஞ்சேனையில் காணியே இல்லை. அதனால் வத்தளை, வெல்லம்பிட்டி பக்கம் தேடுகிறோம். அங்கே மலிவாக வருகிற துண்டுகளில் சில, முன்பு வயல்.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்பக்கூடாது. பிறகு எப்படி நிரம்புகிறது? ஒருவர் தன் துண்டில் கிரவல் கொட்டி உயர்த்துவார். வடிகால் அடைபடும். பக்கத்து வயலில் தண்ணி தேங்கும், விதைக்க ஏலாது. சில போகம் தரிசாய்க் கிடந்ததும், "இதில இனி நெல் விளையாது" என்று அவரும் அனுமதி கேட்பார். அனுமதி துண்டு துண்டாகக் கேட்கப்படுகிறது; வடிகாலோ முழு வயலுக்கும் ஒன்றுதான்.

மழைத்தண்ணி நிற்க இருந்த இடம் இப்படித்தான் குறைகிறது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது, கொலன்னாவை, வெல்லம்பிட்டித் தாழ்நிலங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் நின்றது.

காணி பார்க்கப் போனால் உறுதியோடு நிறுத்தாதீர்கள். அது வயலாகப் பதியப்பட்டதா என்று கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். ஒரு முழம் தோண்டியும் பாருங்கள். மேலே செம்மண், கீழே கறுத்த சேறு என்றால், அது நிரப்பிய நிலமாகத்தான் இருக்கும்.