அறைக்கு வெளியே நிற்பது யார்?

டி. கல்லுப்பட்டியில் எங்க பெரியப்பா ஒருத்தர் அடிக்கடி சொல்வார்: "கண்ணால பார்த்தாலும் கோர்ட்டுக்குப் போகாத தம்பி. நீ சொல்லிட்டு வந்துருவ, அவன் நம்ம தெருவுலயேதான இருப்பான்?" இந்தக் கேள்விக்கு நம்மில் பலரிடம் பதில் இல்லை. சட்டத்தில் பதில் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ள, சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் நடந்ததைப் பார்த்தால் போதும்.

ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தது உங்களுக்குத் தெரியும். மதுரை உயர் நீதிமன்றக் கிளை வழக்கைத் தானாகவே எடுத்துக்கொண்டு, கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசனை விசாரிக்கச் சொன்னது. ஜூன் 28-ஆம் தேதி அவர் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கே போனார். சிசிடிவி பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட் செய்யப்பட்டிருந்தன. அப்படியென்றால் மிச்சம் இருந்தது மனிதர்களின் வாய்தான்.

அன்றிரவு பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி பேச முன்வந்தார். அவர் சொல்லச் சொல்ல, வெளியே மரத்தடியில் நின்ற போலீஸ்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் நடுவர் தன் நீதிமன்ற ஊழியர்களை வெளியே காவலுக்கு நிறுத்த வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சொன்ன பிறகும் ரேவதி கையெழுத்துப் போடத் தயங்கினார். பாதுகாப்பு உண்டு என்று நீண்ட நேரம் உறுதி சொன்ன பிறகுதான் போட்டார். நடுவரையே ஒரு காவலர் ஒருமையில், இழிவாகப் பேசினார்.

இதில் ரேவதியை யாரும் கையால் தொடவில்லை. வெளியே நின்று சத்தம் போட்டதே போதுமாக இருந்தது. மிரட்டல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று யாராவது கேட்பார்கள், அவ்வளவுதான்.

பாரதிதாசன் அடுத்துச் செய்ததுதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது. யார் என்ன பேசினார், யார் எங்கே நின்றார் என்று அன்று நடந்ததை அப்படியே அறிக்கையாக எழுதி உயர் நீதிமன்றத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். உயர் நீதிமன்றம் மூன்று காவல்துறையினர் மீது அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. ரேவதிக்குப் பாதுகாப்பும் சம்பளத்துடன் விடுப்பும் கிடைத்தன. பிறகு அவர் மதுரை நீதிமன்றத்திலும் சாட்சி சொன்னார்.

சரி, நம்ம விஷயத்துக்கு நடுவர் நேரில் வரமாட்டாரே, என்ன செய்வது? பொய் சாட்சி சொல்லச் சொல்லி மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 232-ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். 7 ஆண்டு வரை சிறை உண்டு. மூல வழக்கு எப்படிப் போனாலும் இதற்குத் தனியாகப் புகார் கொடுக்கலாம். சாட்சிதான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை, வேறு யாரும் கொடுக்கலாம்.

பாதுகாப்புக்கு வேறு வழி. 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்து, நாடு முழுக்க அதைச் சட்டமாகவே பின்பற்றச் சொன்னது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய குற்றங்களுக்கும், பெண்களுக்கு எதிரான சில குற்றங்களுக்கும் இது பொருந்தும். மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கும். குற்றம் கல்லுப்பட்டியில் நடந்தால், விண்ணப்பம் மதுரை மாவட்டக் குழுவுக்குப் போகும். குழுவின் உறுப்பினர் செயலரான அரசு வழக்குத் துறைத் தலைவர் வழியாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதி டிஎஸ்பி 5 வேலை நாளுக்குள் ஆபத்து எவ்வளவு என்று அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 5 வேலை நாளுக்குள் குழு முடிவெடுக்க வேண்டும். ஆபத்து உடனடி என்றால் அதுவரை காத்திருக்காமலே இடைக்காலப் பாதுகாப்பு தரலாம். வீட்டுப் பக்கம் ரோந்து, போன் நம்பர் மாற்றம், கோர்ட்டுக்குத் துணைக்கு ஆள், வீடியோ வழியாகச் சாட்சியம், அடையாளத்தை மறைப்பது என வழிகள் பல. ஒரு உத்தரவு அதிகபட்சம் 3 மாதம்தான். அது முடியும் முன்பே நீட்டிக்கக் கேட்க வேண்டும்.

ஓட்டை எங்கே என்று இப்போது புரிகிறதா? ஆபத்தை அளந்து எழுதுவது போலீஸ். சாத்தான்குளம் மாதிரி மிரட்டுவதே போலீஸ் என்றால்? அப்போது டிஎஸ்பி அறிக்கையை நம்பி உட்காராமல், வழக்கை நடத்தும் நீதிமன்றத்திடமும், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்திடமும் நேராகச் சொல்ல வேண்டும். அங்கே ஸ்டேஷனை வருவாய்த் துறையிடம் கொடுத்தது, தடயங்கள் அழிக்கப்படாமல் இருக்கத்தான்.

எங்கே சொன்னாலும் "என்னை மிரட்டினாங்க" என்ற ஒரு வரி நிற்காது. தேதி, நேரம், இடம், வந்தவர் பேசிய அதே வார்த்தைகள், வண்டி நம்பர், பக்கத்தில் இருந்தவர் யார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். கால் லாகையும் மெசேஜையும் அழிக்காதீர்கள். புகார் கொடுத்தால் சிஎஸ்ஆர் ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். சாட்சி நீங்கள் இல்லை, நண்பர் என்றால், அவர் பெயரை வாட்ஸ்அப் குரூப்பில் பாராட்டிக்கூடப் போடாதீர்கள். மிரட்ட வருபவனுக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பெயர்தான்.