முருகைக்கல்லை வெள்ளையாக்கினது நாங்கள்தான்

புறாமலையில எடுத்த ஒரு படத்தை நாங்கள் பகிர்ந்தோம். படத்தின் நடுவில் மேசை அகலத்துக்கு ஒரு முருகைக்கல், பால் போல வெள்ளையாக. கீழே, "எங்கட புறாமலையும் வெளிறத் தொடங்கிட்டுது" என்று எழுதியிருந்தோம். உலகமெங்கும் கடல் சூடாகி முருகைக்கற்கள் வெளிறுகின்றன என்ற செய்தி நாளாந்தம் வந்துகொண்டிருந்த காலம். படம் வேகமாகப் பரவியது. கொழும்பில இருந்தும் வெளிநாட்டில இருந்தும் ஆட்கள் கவலைப்பட்டு எழுதினார்கள். எங்களுக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை ஒளிக்கத் தேவையில்லை.

மூன்றாம் நாள் நிலாவெளியில் போட் ஓடும் அண்ணன் கூப்பிட்டார். எங்களைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனவரே அவர்தான். "பிள்ளையள், அந்தக் கல்லை எனக்குத் தெரியும். அது மரக்கலர். நேற்றும் பார்த்தனான். நீங்க என்ன செய்தனீங்க?" என்று கேட்டார். இரண்டு குடும்பங்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "செத்த கல்லைப் பார்க்க ஏன் வாறது" என்று பயணத்தை விட்டுவிட்டார்களாம். கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது மே தொடங்கி செப்ரெம்பர் மட்டும்தான். அந்த மாதங்களில் உழைப்பதை வைத்துத்தான் அவருடைய வீட்டில் வருடம் ஓடுகிறது.

நாங்கள் பொய் சொல்லவில்லை என்றுதான் முதலில் நினைத்தோம். கமரா எடுத்த படம், நாங்கள் நிறத்தை "சரி" மட்டும்தான் செய்தோம். பிழை அந்தச் சரிசெய்தலுக்குள்ளேதான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு கிழமை போனது.

முதலில் சிவப்பு எங்கே போகிறது என்று சொல்லவேண்டும். தண்ணீர் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் விடுவதில்லை. சிவப்பை மிக வேகமாக உறிஞ்சும், பச்சையைக் கொஞ்சம், நீலத்தை மிகக் குறைவாக. தெளிந்த கடலிலேயே ஐந்து மீற்றர் தண்ணீரைக் கடந்தால் சிவப்பு ஒளியில் ஏறத்தாழ கால் பங்குதான் மிஞ்சும். ஆழம் மட்டும் கணக்கில்லை என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வெயில் மேலிருந்து கல்லுக்கு இறங்கிய தூரத்தோடு, கல்லிலிருந்து கமராவுக்கு வந்த தூரத்தையும் கூட்டவேண்டும். நாலு மீற்றர் ஆழத்தில், ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று எடுத்தால் அது ஐந்தரை மீற்றர் தண்ணீர். எங்களில் ஒருவர் போட்டிருந்த சிவப்பு ரீசேட் அந்த ஆழத்தில் காய்ந்த தேங்காய்மட்டை நிறத்தில்தான் தெரிந்தது.

இன்னொன்று, எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாப் பக்கம் எடுத்தால் படம் பச்சை அடிக்கும். ஆறு கொண்டுவரும் கலங்கலும் நுண்பாசியும் நீலத்தையும் தின்றுவிடும். புறாமலையில் நீலம் அடிக்கும். ஒரு இடத்தில் சரிவந்த அளவை அடுத்த இடத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

சரி, வைட் பலன்ஸ் என்ன செய்கிறது? படத்தில் ஒரு இடத்தைத் தொட்டு, "இது நிறமில்லாத சாம்பல்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். மென்பொருள் அந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சமமாக வரும்வரை ஒவ்வொன்றையும் ஒரு எண்ணால் பெருக்குகிறது. பிறகு அதே எண்களால் முழுப் படத்தையும் பெருக்குகிறது. அவ்வளவுதான். அதற்குக் கடலும் தெரியாது, கல்லும் தெரியாது. நீங்கள் சொன்னதை நம்புகிறது.

நாங்கள் எதைத் தொட்டோம் தெரியுமா? அந்த முருகைக்கல்லையே. நீல மங்கலுக்குள் அது வெளிர் நிறமாகத் தெரிந்தது, "இது வெள்ளைதானே" என்று ஐட்ரொப்பரை அதன்மேல் வைத்தோம்.

அதே கல்லை அண்ணனோடு திரும்பப் போய் எடுத்தோம். இந்த முறை ஒரு சாம்பல் நிற பிளாஸ்ரிக் அட்டையைக் கல்லுக்குப் பக்கத்தில், தொடாமல், அதே தூரத்தில் பிடித்துக்கொண்டோம். வெள்ளை அட்டை வேண்டாம். வெயிலில் அது வெளுத்து, கமராவில் எண்கள் உச்சியில் போய் முட்டிவிடும். படத்தை RAW ஆக எடுத்தோம். நூறுக்கு அளந்து சொன்னால் எங்களுக்குக் கிடைத்த எண்கள் கிட்டத்தட்ட இவை:

```
          R    G    B
அட்டை     8   40   44
கல்       6   22   16
```

அட்டை சாம்பல் என்பது எங்களுக்கு நிச்சயம். அதனால் சிவப்பை 5 ஆல் பெருக்கவேண்டும் (8 × 5 = 40), நீலத்தை 0.91 ஆல். அதே எண்களைக் கல்லுக்குப் போட்டால் 30, 22, 14.5 வரும். சிவப்பு கூட, நீலம் குறைவு: மண்ணிறம். அண்ணன் சொன்ன மரக்கலர்.

இப்ப எங்கட பழைய பிழையை அதே எண்களில் செய்து பாருங்கள். கல்லைச் சாம்பல் என்று சொன்னால் சிவப்பு 3.67 ஆலும் நீலம் 1.375 ஆலும் பெருகும். கல் 22, 22, 22 ஆகும், நிறமே இல்லாமல். அதுக்கு மேல வெளிச்சத்தைக் கூட்டினோம், வெள்ளையாகிவிட்டது. கல்லுக்குள் வாழும் நுண்பாசியைக் கடல் வெளியேற்றவில்லை, நாங்கள் ஒரு கிளிக்கில் வெளியேற்றினோம்.

இதை அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல். அதே பிழையான எண்களை அட்டைக்குப் போட்டால் 29, 40, 60 வரும், அதாவது நல்ல நீலம். எங்கட பழைய படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். கல்லுக்குக் கீழே கிடந்த மணல் நீலமாக இருந்தது. புறாமலை மணல் நீலம் என்று யாராவது கண்டிருக்கிறீர்களா? உங்களுக்கு நிறம் தெரிந்த ஒரு பொருள், மணலோ, கைத்தோலோ, உங்கட துடுப்புச் செருப்போ, படத்தில் பிழையாக நின்றால் மற்றதும் பிழைதான்.

"ஓட்டோ" பொத்தானை அமத்தியிருந்தால் தப்பியிருப்போமா? இல்லை. பல ஓட்டோ முறைகள் முழுப் படத்தின் சராசரி சாம்பலாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கின்றன. தெருவில் எடுத்த படத்துக்கு அது பெரும்பாலும் சரிவரும். படத்தில் முக்கால்வாசி மண்ணிறக் கல் என்றால் அந்த மண்ணிறத்தைத்தான் அது குற்றவாளி என்று நினைத்துக் கழுவிவிடும்.

அதைவிட ஆழத்தில் பெருக்கலும் கைவிட்டுவிடும். சிவப்பு 1, 2 என்று நின்றால் பெருக்கி வருவது சிவப்பல்ல, புள்ளி புள்ளியான இரைச்சல். போனில் எடுத்த JPEG ஆக இருந்தால் படி படியாகக் கோடு விழும். அப்போதுதான் ஆட்கள் அடுத்த வழிக்குப் போகிறார்கள்: பச்சையிலிருந்து சிவப்புக்குக் கடன் வாங்குவது. 2018 இல் அன்குட்டியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட முறை இதில் பிரபலம். 0 முதல் 1 வரை அளந்த எண்களுக்கு அது இப்படி:

```
R' = R + (meanG - meanR) * (1 - R) * G
```

சிவப்பு எங்கே குறைவோ, பச்சை எங்கே கூடவோ, அங்கே கூடச் சேர்க்கும். படம் உடனே உயிர்க்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பச்சையின் சராசரி 0.30, சிவப்பின் சராசரி 0.05 என்று வைப்போம். எங்கட கல் 0.06 இலிருந்து 0.11 க்கு ஏறும். பக்கத்தில் பச்சைப் பாசி ஒன்று R 0.03, G 0.40 என்று இருந்தால் அது 0.13 க்கு ஏறும். மண்ணிறக் கல்லைவிடப் பச்சைப் பாசிக்குக் கூடச் சிவப்பு! பெருக்கும்போது கமரா உண்மையில் பிடித்த சிவப்பைத்தான் பெரிதாக்குகிறோம். கடன் வாங்கும்போது இல்லாததை வரைகிறோம். திருவிழா வீடியோ மாதிரி அழகுக்கு வேண்டுமென்றால் வரையுங்கள். "இந்தக் கல் உயிரோடா" என்று கேட்கிற படத்தில் அதைச் செய்யக்கூடாது என்று நாங்கள் இப்ப முடிவெடுத்திருக்கிறோம்.

வீடியோவிலும் இதே கதைதான், ஒரு கூடுதல் தொல்லையோடு. கமராவின் ஓட்டோ வைட் பலன்ஸ் நீங்கள் இறங்க இறங்கத் தானும் மாறிக்கொண்டே இருக்கும், ஒரே கல் பத்து செக்கனில் மூன்று நிறம் காட்டும். அதைப் பூட்டிவிட்டு, ஆழம் மாறும்போதெல்லாம் அட்டையை ஒருதரம் கமராவுக்குக் காட்டுங்கள். பிறகு துண்டு துண்டாக வெட்டி, அந்தந்தத் துண்டுக்கு அந்தந்த அட்டையின் எண்.

(1956 இல் கோணேசர் கோயில் மலையடியில் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் மூழ்கித் தூண்களைத் தேடினார்கள். வில்சன் 1962 இல் எடுத்த 'ரன் முத்து தூவ' சிங்களத்தின் முதல் வர்ணப் படம், அதில் கடலுக்கடிக் காட்சிகளும் உண்டு. இந்த ஸ்லைடர் ஒன்றும் இல்லாத காலத்தில்!)

வெளிறலைப் படத்தை வைத்து மட்டும் சொல்லாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கோரல்வொட்ச் குழு 2002 முதல் ஒரு நிற அட்டை கொடுக்கிறது. நாலு நிறச் சாயல், ஒவ்வொன்றிலும் வெளிரிலிருந்து கடும் நிறம்வரை ஆறு படி. கல்லுக்குப் பக்கத்தில் பிடித்து, மிக வெளிர் இடத்துக்கும் மிகக் கடும் இடத்துக்கும் பொருந்தும் எண்ணைத் தண்ணீருக்குள்ளேயே எழுதவேண்டும். அட்டைக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பது ஒரே தண்ணீர், அதனால் சிவப்பு போனாலும் இரண்டிலும் ஒரே அளவில்தான் போகும். கொஞ்சக் காலம் கழித்து அதே கல்லில் இரண்டு படி இறங்கியிருந்தால் அப்போது பயப்படலாம்.

பழைய படத்தை எடுத்துவிட்டோம். நடந்ததை எழுதி, அட்டையும் தெரிகிற புதிய படத்தைப் போட்டோம். பழையது பரவினதில் பத்தில் ஒரு பங்குகூட இது பரவவில்லை. அந்த இரண்டு குடும்பங்களும் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

அண்ணனுக்குப் படத்தைக் காட்டினோம். பெருவிரலால் பெரிதாக்கி, கல்லைக் கனநேரம் பார்த்தார். "ஓம், இது அதுதான்" என்றார். பிறகு பின்னால் நிற்கும் எங்கட ஆளைக் காட்டி, "ரீசேட் இன்னும் சிவப்பு வரேல்லயே" என்று சிரித்தார். வராது. அட்டை கமராவிலிருந்து ஒன்றரை மீற்றரில், ரீசேட் ஐந்து மீற்றரில். ரீசேட்டுக்குச் சிவப்பைக் கூட்டினால் முன்னால் நிற்கும் கல் செங்கட்டி போல ஆகிவிடும். 2019 இல் அக்கைனாக்கும் திரைபிட்ஸும் வெளியிட்ட 'சீ-த்ரூ' முறை, ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் பல படங்களிலிருந்து கணித்து, இடையில் நிற்கும் நீல மங்கலைக் கழித்துவிட்டுத்தான் பெருக்குகிறது. எங்களிடம் இருந்தது ஒரு படமும் ஒரு அட்டையும். ரீசேட்டைத் தேங்காய்மட்டை நிறத்திலேயே விட்டுவிட்டோம்.