தாக்கோலுக்கு ஒரு ரசீது

எங்கள் திருவட்டாறு பக்கத்தில் சாவியைத் தாக்கோல் என்றுதான் சொல்வோம். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அந்தத் தாக்கோலை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, ஒரு சாயா குடித்துவிட்டு வந்துவிடுவதே இங்கே வழக்கம். எழுதிக் கேட்டால், "என்ன சாரே, நம்மளுக்குள்ள எழுத்தா?" என்று முகம் வாடும். ஆனாலும் நான் போன வருஷம் எழுதித்தான் வாங்கினேன்.

அதற்குக் காரணம் என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது. அவர் கடைமுறியைத் தை மாதம் காலி செய்து தாக்கோலைக் கொடுத்தார். அட்வான்ஸை "பெறவு தாறேன்" என்றார் கடைக்காரப் பெரியவர். நல்ல மனிதர், ஏமாற்றுகிறவர் இல்லை. பங்குனியில் அவர் காலமாகிவிட்டார். வளைகுடாவிலிருந்து வந்த மகனோ, கடை சித்திரையில்தான் திரும்பி வந்தது, மூன்று மாத வாடகை பாக்கி என்று அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். அவர் மனசறிந்து பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தை மாதம் தாக்கோல் கொடுத்ததைக் காட்ட நண்பரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

வாடகை நிற்பது நாம் பெட்டியைக் கட்டிய நாளில் அல்ல, வீட்டை வீட்டுக்காரர் வசம் ஒப்படைத்த நாளில்தான். குத்தகை முடிந்ததும் இடத்தை உரிமையாளர் வசம் ஒப்படைக்க வேண்டும் என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. ஆகவே அந்தக் காகிதத்தில் முக்கியமானது தேதி.

எங்கள் சொந்த வீட்டைப் புதுக்கிக் கட்டிய இரண்டு வருஷமும் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். வாடகை 7,000, அட்வான்ஸ் 20,000. ஜூன் 30 அன்று காலி செய்வதாக ஒரு மாதம் முன்பே சொல்லியாயிற்று. வீட்டுக்கார அண்ணாச்சிக்கு எண்பது வயசு நெருங்குகிறது. நானே இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போய், "அண்ணாச்சி, நாளைக்கு உங்க மோன் கேட்டா காட்டுறதுக்கு உங்களுக்கும் ஒண்ணு இருக்கட்டு" என்றேன். அவர் கண்ணாடியை எடுத்து இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"இன்னாருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்த, இன்ன கதவு எண்ணுள்ள வீட்டை, இன்று ஜூன் 30 மாலை 5 மணிக்கு என் வசம் பெற்றுக்கொண்டேன். முன்வாசல் தாக்கோல் 2, அடுக்களை வாசல் 1, கேட் பூட்டு 1, ஆக 4 தாக்கோல் பெற்றேன். ஜூன் மாதம் முடிய வாடகை பாக்கி இல்லை. பேரூராட்சித் தண்ணீர்க் கட்டணம் பாக்கி இல்லை. மின் மீட்டரில் இன்றைய அளவு 8,540. அட்வான்ஸ் 20,000-இல் மின் கட்டணத்துக்காக 500 நிறுத்தி, 19,500 இன்று திருப்பிக் கொடுத்தேன். வேறு பாக்கி எதுவும் இல்லை."

கரண்டு விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் ரீடிங் எடுக்க வருவார்கள். இடையில் காலி செய்கிறவருக்கு அன்று பில் இருக்காது. வெறுமனே "பாக்கி இல்லை" என்று எழுதினால் பில் வந்த பிறகு முணுமுணுப்பு வரும். முந்தின ரீடிங் 8,412. ஆக நான் செலவழித்தது 128 யூனிட். அடுத்த பில் மொத்தம் 160 யூனிட்டுக்கு வந்தது. முதல் 100 யூனிட் இலவசம் யாருக்கு என்று சண்டை பிடிக்காமல், பில் தொகையை யூனிட் கணக்கில் பிரித்தோம். ஐந்தில் நாலு பங்கு எனக்கு, ஒரு பங்கு அவருக்கு.

இன்னொன்று. அட்வான்ஸ் கைக்கு வருமுன் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று நாம் எழுதிக் கொடுக்கக் கூடாது. பணம் பிறகுதான் என்றால், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை அவர் கையால் எழுதி வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டம், காலி செய்து ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பச் சொல்கிறது. ரொக்கமாக வாங்கினால் நாம் கொடுக்கும் ரசீதில், தொகை 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும்.

கையெழுத்தே போட மாட்டேன் என்கிறவரும் உண்டு. அப்போது பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரைச் சாட்சி வைத்துத் தாக்கோலைக் கொடுத்து, அதே நாளில் அதே விவரத்தைக் கடிதமாக எழுதித் தபாலில் அனுப்பலாம். நாம் பழகிய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது; ஆகையால் ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கு அத்தாட்சி கேட்டு அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துக்கு அது ஈடாகாது. ஆனால் தேதியையாவது காப்பாற்றும்.

அண்ணாச்சி ஆகஸ்டில் பில் கட்டிய சீட்டோடு என் வீட்டுக்கே வந்து, 500-இல் என் பங்கு போக மீதியைச் சில்லறை உட்பட எண்ணி வைத்தார். அதையும் இரண்டு பிரதியிலும் ஒரு வரியாக எழுதச் சொன்னது அவர்தான்.